நாற்பத்திரண்டாவது வாழ்த்து

வசந்திக்குப் பொய் சொல்ல வராது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பேர் உண்டு. திருத்தணியில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியின் அலுவலக அறையில் பதினேழு வருஷம் கிளார்க்காக உட்கார்ந்திருந்தவள். மாற்றுச் சான்றிதழ் எழுதுவது, வருகைப் பதிவேட்டைக் கூட்டுவது, கரஸ்பாண்டென்ட் கோபித்துக்கொண்டால் முதலில் வாங்கிக்கொள்வது, இவைதான் வேலை. காலையில் கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ், சாயங்காலம் அதே பஸ். அம்மா பக்கவாதத்தில் விழுந்த வருஷம் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. முப்பத்தெட்டு வயதில் அவளுக்குச் சிநேகிதி என்று ஒருத்திதான் இருந்தாள்.

அந்த ஒருத்தி வித்யாலக்ஷ்மி. அப்பா பத்ரிநாராயணன், மலைக்கோவில் மடப்பள்ளியில் சமையல். வித்யா கம்ப்யூட்டர் டீச்சராக வந்து நான்கு வருஷம் இருந்தாள். மத்தியானச் சாப்பாட்டை வசந்தியின் மேசையில்தான் பிரிப்பாள். எலியைப் பிடித்து ஆட்டுவதுபோல் மௌஸை ஆட்டிக்கொண்டிருந்த வசந்திக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். 2006இல் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போனாள். போகும்போது வசந்திக்கு ஒரு மெயில் ஐடி, பிற்பாடு அங்கிருந்தபடியே ஒரு ஃபேஸ்புக் கணக்கு என்று எல்லாம் ஏற்பாடு செய்தாள்.

கணக்கு திறந்ததும் பழைய மாணவர்கள் ஈ மொய்த்த மாதிரி வந்துவிட்டார்கள். டிசி எழுதிக் கொடுத்த மிஸ்ஸை யார் மறப்பார்கள்? நட்பு கேட்ட அத்தனை பேருக்கும் வசந்தி சரி என்று அழுத்தினாள். கேட்கிறவர்களை வேண்டாம் என்று சொல்வது அவளுக்கு மரியாதையாகப் படவில்லை. அந்தக் கூட்டத்தில் கிரிதரும் இருந்தான், வித்யாவின் சித்தப்பா பிள்ளை, சென்னையில் வேலை. சொந்தக்காரர் ஒருவரைக்கூட வித்யா தன் பட்டியலில் சேர்க்கவில்லை என்பதை வசந்தி கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

2009 ஐப்பசியில் வித்யா போன் செய்தாள். கூட வேலை செய்யும் கொல்லத்துக்காரர் ஒருவரை, கிறிஸ்தவரை, அங்கேயே ரிஜிஸ்தர் செய்து கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். வீட்டில் தெரியாது. தை மாசம் அவரோடு வந்து, அப்பா காலில் விழுந்து, தானே சொல்லப் போகிறாள். அதுவரை ஊரில் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியக்கூடாது.

"உங்க ஒருத்திகிட்டதான்க்கா சொல்லியிருக்கேன். மத்தவா வாயால அப்பா காதுக்குப் போனா அவர் என்னைத் தலைமுழுகிடுவார். நானே சொன்னா அழுவார், அவ்வளவுதான்."

வசந்தி சத்தியம் செய்தாள். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தாள், அதை நான் சொல்லியே ஆக வேண்டும். கார்த்திகை மாதத்தில் கடைத்தெருவில் வித்யாவின் அம்மா ஞானாம்பாள் எதிரே வந்து, "அவளுக்கு வரன் பார்த்துண்டிருக்கோம், உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டபோது, பொய் சொல்ல வராதவள் வாய் கூசாமல், "இல்லீங்க மாமி" என்றாள்.

ஒரு வாரம் கழித்து, பஜார் தெரு பிரவுசிங் சென்டரில், பலகைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கணக்கைத் திறந்தாள். கல்யாண ஆல்பம் வந்திருந்தது, இருபத்திரண்டு படம். முதல் படத்தில் வித்யா அரக்குப் பட்டில், மாலையோடு, பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு மனிதர். கீழே வாழ்த்துகள்.

முதலில் எழுதியவள் பழைய கெமிஸ்ட்ரி டீச்சர் மஞ்சுளா. 'உங்கள் இருவருக்கும் இனிய திருமண வாழ்க்கை அமைய வாழ்த்துகிறேன்' என்று முழு வாக்கியமாக, இங்கிலீஷில். அடுத்தவர் அதில் பாதியை விட்டுவிட்டு ஹேப்பி மேரீட் லைஃப் மட்டும் வைத்துக்கொண்டார். அதற்கடுத்தவர் அதையும் மூன்றெழுத்தாகச் சுருக்கி எச்.எம்.எல். என்றார். அப்புறம் ஏழெட்டு எச்.எம்.எல். வரிசையாக. கங்கிராட்ஸ், அதற்குப் பின்னால் நிறைய ஆச்சரியக்குறி. சூப்பர் ஜோடி. இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக, 'ட்ரீட் எப்போ'. ஒருவர் வெறும் சிரிப்புக் குறியோடு போய்விட்டார். நடுநடுவே வித்யா, தேங்க்ஸ் மஞ்சு, தேங்க்ஸ் கவிதா, என்று பேர் பேராக நன்றி எழுதியிருந்தாள். அதையெல்லாம் தள்ளிவிட்டு வாழ்த்தை மட்டும் எண்ணினால் நாற்பத்தொன்று. எழுதினவர்கள் பெங்களூரிலும் துபாயிலும் இருந்தார்கள். கல்யாணம் ரகசியம் என்பது அவர்கள் ஒருவருக்கும் தெரியாது.

வசந்தி அன்று எழுதவில்லை. மறுநாளும் போய்ப் படித்தாள், அதற்கடுத்த நாளும். எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. கல்யாண மண்டபத்துக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, மேடையேறாமல் திரும்பினால் நம் பக்கத்தில் என்ன சொல்வார்கள்? மனசில் ஏதோ வைத்துக்கொண்டு வந்தாள் என்பார்கள். கல்யாணமாகாதவள் என்றால் இன்னும் ஒரு வார்த்தை கூடச் சேர்ப்பார்கள். வித்யா அப்படி நினைத்துவிடுவாளோ என்ற பயம் அவளை அரித்தது. நாற்பத்தொரு பேர் வந்த வீட்டில் தான் மட்டும் வாசலிலேயே நிற்பதா?

நாலாம் நாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டாள். படத்துக்குக் கீழே எழுதுவது அந்தப் படத்தோடேயே இருக்கும், அங்கே வருகிறவர்கள்தான் பார்ப்பார்கள், அதிலும் சின்னதாக எழுதினால் யார் கண்ணிலும் படாது என்று கணக்குப் போட்டாள். ஊர் பேர் எழுதவில்லை. அக்கா என்று எழுதவில்லை. 'வாழ்க' என்று ஒரே ஒரு சொல். அழுத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

நீளமோ குட்டையோ, ஃபேஸ்புக் அதைப் பார்ப்பதில்லை. யார் எழுதினாரோ அவருடைய நண்பர்கள் எல்லோருடைய முகப்பிலும், இன்னார் இன்னாருடைய படத்துக்குக் கருத்து எழுதியிருக்கிறார் என்று செய்தி போகும், படத்தோடு. வித்யாவோ அவசரத்தில் ஆல்பத்தை நண்பர்களின் நண்பர்களும் பார்க்கலாம் என்று விட்டிருந்தாள். மற்ற நாற்பத்தொரு பேரின் பட்டியலில் வித்யாவின் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. வசந்தியின் பட்டியலில்தான் கிரிதர் இருந்தான். மறுநாள் காலை சென்னையில் அவன் கணக்கைத் திறந்ததும் எதிரே அரக்குப் பட்டு, மாலை, அதன் கீழே வசந்தி மிஸ்ஸின் 'வாழ்க'.

அவன் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மலையேறினான். மடப்பள்ளியில் பத்ரிநாராயணன் சர்க்கரைப் பொங்கல் கிளறிக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைக்கவில்லை, நைவேத்தியத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, அடிவாரத்துக் குளத்துக்கு இறங்கிப் போய், நாலு பேர் பார்க்க மூன்று முறை முழுகி எழுந்தார். உயிரோடு இருக்கிற மகளுக்கு அதோடு தலைமுழுக்கு.

வித்யாவின் போன் ஞாயிறு வந்தது. அழுகை இல்லை, சத்தம் இல்லை.

"எங்காத்துல எல்லாருக்கும் தெரிஞ்சுடுத்து. கிரி கையில இருக்கிற தாள்ல உங்க பேர்தான்க்கா இருக்கு."

வசந்தி என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தாள். லைன் போய்விட்டது. மறுநாள் ஓடிப்போய்த் தன் 'வாழ்க'வை அழித்தாள், அழித்து என்ன பிரயோசனம். அடுத்த நாள் திறந்தபோது ஆல்பம் இல்லை. வித்யாவின் பேரைத் தேடினால் அப்படி ஒரு ஆளே இல்லை என்றது. வசந்தியை பிளாக் செய்துவிட்டாள். போன் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு இரண்டு மெயில், பதில் கிடையாது. தை வந்தது, வித்யா வரவில்லை.

மாசி கிருத்திகை அன்று, மலையில் கூட்டம் நெரிந்து பத்ரிநாராயணன் இறங்க முடியாத ஒரு முற்பகலில், ஞானாம்பாள் வசந்தியைத் தேடிப் பள்ளிக்கே வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று வசந்தி எழுந்து நின்றாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

மாமி திட்டவில்லை. "அந்த போட்டோவைப் பார்க்கணும்டீ. யார் யார் என்ன சொல்லியிருக்கான்னு எனக்குப் படிச்சுக் காட்டு. ஆத்துல அவ பேரையே எடுக்கப்படாது."

தனக்கே கதவு சாத்திவிட்டது என்று சொல்ல வசந்திக்கு நா எழவில்லை. அதைச் சொன்னால் இந்த அம்மாளுக்கு மகளிடம் போக இருந்த ஒரே வழியும் அடைந்துபோகும். கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "போட்டோ இங்க தெரியலீங்க மாமி, நெட் ஸ்லோவா இருக்குது. எழுத்து மட்டும் வந்துகினு இருக்குது" என்றாள். திரையில் ஏழாம் வகுப்பு வருகைப் பட்டியல் இருந்தது. அதைப் பார்த்தபடி மஞ்சுளாவிலிருந்து ஆரம்பித்து நாற்பத்தொன்றையும் ஒப்பித்தாள். எச்.எம்.எல். என்றால் என்ன என்று மாமி கேட்டாள், விளக்கினாள். 'ட்ரீட் எப்போ' என்றபோது மாமி லேசாகச் சிரித்தாள்.

"என் வாழ்த்தையும் போட்டுடு. தீர்க்க சுமங்கலியா, நன்னா இரு. அவ்வளவுதான்."

வசந்தி அதை மெயிலில் எழுதி, 'உங்க அம்மா சொன்னது' என்று சேர்த்து அனுப்பினாள். அதற்கும் பதில் வரவில்லை. பங்குனியில் மாமி வந்து பதில் உண்டா என்று கேட்டபோது இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது என்றாள். சித்திரையிலும் அதையே சொன்னாள். வைகாசியில் மாமி படியேறி வந்ததே மூச்சு வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடிதான். அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை இல்லை என்று சொல்ல வசந்தியால் முடியவில்லை.

"ஆங், வந்துட்டுதுங்க மாமி. 'தேங்க்ஸ் அம்மா'ன்னு போட்டிருக்குது."

மாமி முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, வந்த வேகத்தில் போயிற்று. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எங்காத்துல கொழுந்தன்மார் எல்லாம் என்னை மன்னின்னு கூப்பிடுவா. அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் நான் மன்னிதான். பொறந்ததுலேர்ந்து ஒரு நாள் அவ என்னை அம்மான்னு கூப்பிட்டதில்லை."

பள்ளிக்கூடத்தில் நான்கு வருஷமும் வித்யா, எங்கம்மா, எங்கம்மா என்றுதான் பேசியிருக்கிறாள். வீட்டில் எப்படிக் கூப்பிடுவாள் என்று வசந்தி எங்கே கண்டாள்? மாமி எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தாள். இனி வரவே மாட்டாள்.

மாமி எழுந்திருக்கவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போகட்டும். முதல்லேர்ந்து இன்னொரு தரம் படி. அந்தக் கெமிஸ்ட்ரி டீச்சர் எழுதினதுலேர்ந்து."

வசந்தி திரையைப் பார்க்காமலே சொன்னாள். ஒவ்வொன்றாக, விட்டுப்போகாமல், நாற்பத்தொன்று வரை சொல்லி நிறுத்தினாள்.

"இன்னொண்ணு இருக்கே. கிரி கொண்டுவந்த தாள்ல கடைசியில இருந்ததே" என்றாள் ஞானாம்பாள். "அதையும் சொல்லு."

வசந்தி சொன்னாள்.