கணினி பேசாத அன்று

என் கணவருக்கு இரண்டு கண்ணும் போனது கடைசி யுத்தத்தில். முகாமிலிருந்து எங்கள் ஊரான தாழ்வுபாட்டுக்குத் திரும்பி வந்தபின், வலுவிழந்தோருக்கு உதவுகிற ஓர் அமைப்பு அவருக்கு ஒரு கணினி கொடுத்தது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அதில் இருந்தது. தமிழைக் கடித்துக் கடித்துத்தான் வாசிக்கும். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டே ஆறு மாதத்தில் தட்டச்சுப் பழகிவிட்டார்.

அந்தக் கிழமை முழுக்க அவர் எழுதிக்கொண்டிருந்தது எங்கள் மகனைப் பற்றி. காணாமல் போனவர்களை விசாரிக்கிற குழு மன்னார் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்துக்கு வரப்போகிறது, விபரத்தை எழுதித் தாருங்கோ என்று எங்கள் தேவாலயத்துப் பங்குச் சுவாமி சொல்லியிருந்தார். அவர் எழுதத் தொடங்கினால் நான் கருவாடு திருப்பிப் போட வெளியே போய்விடுவேன். என் பிள்ளையின் பெயரை அந்த இயந்திரக் குரலில் என்னால் கேட்க முடியாது.

சுவாமி கடிதத்தை எடுக்க வரும் நாள் காலையில் என் கணவர் கணினியைப் போட்டார். குரல் வரவில்லை. திரும்பவும் நிறுத்திப் போட்டார். மேசையைத் தடவித் தடவி வயர்களை அழுத்தினார்.

"இஞ்ச வாரும். ஸ்பீக்கர் லைட் எரியுதோ?"

"எரியுதப்பா. வயரும் சரியாத்தான் இருக்கு."

"நேற்றுப் பேசினதுதானே."

கீழே மணிக்கூட்டுக்குப் பக்கத்தில், ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்பு நிறத்தில் ஒரு பெருக்கல் குறி. மவுஸை அதற்கு மேல் கொண்டுபோனதும் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. ஒலி வெளிவரும் கருவி எதுவும் பொருத்தப்படவில்லையாம். எழுத்துக் கூட்டி வாசித்துச் சொன்னேன். "செருகிக் கிடக்கு, பிறகென்ன இல்லையாம்?" என்று அவர் கோபப்பட்டார்.

மன்னார் ரவுணில் கடை வைத்துக் கணினி திருத்துகிற தம்பிக்கு அழைத்து, அவருக்கும் கேட்கும்படி போனைச் சத்தமாக வைத்து விபரம் சொன்னேன்.

"அக்கா, ஸ்பீக்கரிலை பிழையில்லை. அந்த மெசேஜ் ஸ்பீக்கரைச் சொல்லேல்லை. பெட்டிக்குள்ள சத்தத்துக்கெண்டு ஒரு பகுதி இருக்கு, அதை விண்டோசுக்கு இப்ப தெரியேல்லை. நேற்று எப்பிடி நிப்பாட்டினீங்கள்?"

நிறுத்தக் கொடுத்தும் விசிறிச் சத்தம் நிற்காமல் வெகுநேரம் ஓடியதாம். ஏதோ இறுகிவிட்டது என்று நினைத்து இவர் சுவரில் சுவிட்சை அணைத்திருக்கிறார்.

"அப்டேட் ஏறிக்கொண்டிருந்திருக்கும். நிப்பாட்ட வேண்டாமெண்டு திரையிலை எழுத்து வந்திருக்குமே, அக்கா," என்று சொல்லிவிட்டு அவன் சட்டென்று நிறுத்தினான். என் கணவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வாசிக்கிற குரல் அந்த நேரத்தில் ஏற்கனவே அணைந்திருந்திருக்கும். அந்த எழுத்து யாருக்காக வந்ததோ.

அவன் சொன்னபடி டிவைஸ் மனேஜரைத் திறந்தேன். ஒலிக்குரிய வரியில் மஞ்சள் முக்கோணம். அதை நீக்கி, திரும்பத் தேடச் சொன்னான். தேடியது. மஞ்சள் மறுபடி வந்தது.

"சத்தத்துக்கான டிரைவர் மென்பொருள் பழுதாப் போச்சு. பெட்டியோட தந்த சீடி வேணும். என்னட்டை ஒண்டு இருக்கு, நாளைக்குக் கொண்டுவாறன்."

சுவாமி மத்தியானம் வருவார்.

"ஒருக்கால் முழுக்க வாசிக்க வேணும். பிழையோட குடுக்கேலாது," என்றார் கணவர். "நீர்தான் வாசிக்கோணும்."

நான் கணினிக்கு முன் கதிரையில் உட்கார்ந்தேன். பெயர், வயது பதினொன்று, நெற்றியில் இருந்த தழும்பு எல்லாம் வாசித்தேன். கடைசி நாட்களில் நான் அவர்களோடு இல்லை. காலில் காயப்பட்ட என்னை முன்னமே செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். சனத்துக்குள் பிள்ளை தவறிப் போனான் என்றுதான் அவர் எனக்குச் சொல்லியிருந்தார். கடிதத்தில் வேறு இருந்தது.

"எனக்குக் கண்ணில் காயம் பட்டபின் மகன் என் கையை விடவில்லை. நான்தான் அவன் விரல்களைப் பிரித்து, சனத்தோடு போகச் சொல்லித் தள்ளினேன். போகமாட்டேன் என்று அழுதான். அதட்டினேன்."

நான் நிறுத்திவிட்டேன்.

"வாசியும்," என்றார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது?" அவருடைய விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. "மெசினுக்குச் சொல்லலாம். அது திருப்பிக் கேக்காது."

வெளியே எழுந்து போக வேண்டும்போல் இருந்தது. போகவில்லை. இரவல் குரல்போல ஒரு குரலில் மிச்சத்தை வாசித்தேன். போட்டிருந்த சேர்ட் நீலம் என்று எழுதியிருந்தார்.

"நீலமில்லை. பச்சை. நான் கப்பலேறேக்கை அவனிட்டை இருந்தது அந்த ஒண்டுதான், நான் வாங்கினது."

"மாத்திவிடும்."

ஒற்றை விரலால் எழுத்துத் தேடிப் பச்சை என்று அடித்தேன். அதற்குமேல் ஒன்றையும் மாற்றவில்லை. சுவாமி பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் அந்தத் தம்பி வந்து சீடியைப் போட்டு டிரைவரை ஏற்றினான். கணினி நின்று திரும்ப எழும்பியதும் குரல் வந்துவிட்டது. அவன் போனபின் அவர் அந்தக் கடிதத்தைத் திறந்தார். முதல் வரியை அது கடித்துக் கடித்து வாசித்தது. அவர் நிறுத்தினார்.

"நீர் வெளியில போறதெண்டால் போம்," என்றார்.

கருவாடு வெயிலில் கிடந்தது. நான் கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டேன்.