லிஃப்ட் ஓடத் தொடங்கியதும் கசந்த தேநீர்

அலுவலகத்தில் அவரைப் "படிக்கட்டு" என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டட வரைபடம் போடும் அலுவலகம் அது, ஐந்தாவது மாடியில் இருந்தது. அறை முழுக்கக் காகிதச் சுருள்கள் என்பதால் அங்கே அடுப்போ மின்கெட்டிலோ வைக்கக் கூடாதென்று கட்டட உரிமையாளர் எழுதி வாங்கியிருந்தார். அதனால் தரைக்குக் கீழேயுள்ள சமையலறையில் வெந்நீர் கொதிக்கவைத்து மேலே தூக்கிக்கொண்டு வந்து தேநீர் போடுவது அவர் வேலை. அவர் சேர்ந்தபோதே லிஃப்ட் பழுது. ஐம்பத்து நான்கு வயதில், ஒரு நாளைக்கு நான்கு முறை, மூடியில்லாத எவர்சில்வர் ஜாடியோடு ஆறு மாடி ஏறினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஜாடியைத் தரையில் வைத்துவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொள்வார். மேலே போய்ச் சேரப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும்.

அவர் தேநீருக்கு இரண்டே இரண்டு முக்கியமான வாடிக்கை. ஒன்று, அலுவலகத்தை நடத்தும் மேடம். பால், சர்க்கரை எதுவும் இல்லாத பச்சைத் தேநீர் மட்டும்தான் குடிப்பார். இன்னொன்று, தலைமை வரைவாளர். அவருக்குக் கறுப்புத் தேநீர், அதுவும் பாலில்லாமல். மேடம் குடித்து முடித்ததும் கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு, "இன்னைக்கும் நல்லா இருக்கு" என்பார். தலைமை வரைவாளரோ தன் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இது கழுவின தண்ணியா, தேநீரா என்று கேட்பார். இன்னும் கொஞ்ச நேரம் ஊறவிடச் சொல்லிச் சொல்லிக் கடைசியில் எட்டு நிமிடத்தில் வந்து நின்றது. அப்போதும் நிறம் வந்ததே தவிர மணம் வரவில்லை. ஒரே ஜாடித் தண்ணீர், ஒரே கை. ஒருவர் மெச்சுகிறார், இன்னொருவர் முகம் சுளிக்கிறார். ஆளுக்கொரு நாக்கு என்று படிக்கட்டு விட்டுவிட்டார்.

ஏழாவது மாதம் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்து எழுந்தபோது வாயில் எதுவும் ருசிக்கவில்லை. உப்பு தெரியும், இனிப்பு தெரியும். மற்றதெல்லாம் நனைந்த அட்டையை மெல்லுகிற மாதிரி. இதை அலுவலகத்தில் அவர் சொல்லவில்லை. தேநீர் போடுகிறவனுக்கு நாக்கு செத்துப்போச்சு என்று தெரிந்தால் யார் வேலையில் வைத்துக்கொள்வார்கள்?

அவர் வேலைக்குத் திரும்பிய வாரத்தில்தான் லிஃப்ட் சரியானது. ஊழியர்கள் கை தட்டினார்கள். படிக்கட்டு ஜாடியோடு உள்ளே நுழைந்து ஒரு நிமிடத்தில் ஐந்தாவது மாடியில் இறங்கினார். மேடம் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மேஜையின் அந்தப் பக்கம் தள்ளிவைத்தார். தலைமை வரைவாளர் வாய்விட்டே சொன்னார். தொண்டையைப் பிடிக்கிறது, வாயெல்லாம் வறண்டுபோகிறது என்று.

படிக்கட்டு இரண்டு கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு வந்தார். மிச்சத்தைக் குடித்துப் பார்த்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. காய்ச்சலில் கை தடுமாறி இலையை அதிகம் போட்டுவிட்டோமோ என்று மறுநாள் கரண்டியைத் தட்டித் தட்டி அளந்தார். அதே கசப்பு. ஊறும் நேரத்தைப் பாதியாக்கினார். கறுப்புத் தேநீர் நான்கு நிமிடத்துக்கு வந்ததும் தலைமை வரைவாளர் நிமிர்ந்து பார்த்து, "இப்பத்தான்பா தேநீர் போட்டிருக்கே" என்றார். சரி, நேரம்தான் கோளாறு என்று சந்தோஷப்பட்டு, இரண்டு நிமிடமாக இருந்த பச்சைத் தேநீரை ஒரு நிமிடம் ஆக்கினார். மேடம் பாதியோடு நிறுத்தினார். இலையையும் பாதி ஆக்கினார். இப்போது சப்பென்றும் இருந்தது, கடைசியில் கசந்தும் தொலைத்தது. ஒரே வைத்தியம் ஒருவருக்குப் பலித்து இன்னொருவருக்கு ஏன் பலிக்கவில்லை?

பச்சை இலையைக் கொஞ்சம் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தாள். கொதிக்கக் கொதிக்க ஊற்றி, இரண்டு நிமிடம் வைத்து, அவளிடம் நீட்டினார்.

அவள் ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஏங்க, இதை எதுக்கு மனுஷங்க காசு குடுத்துக் குடிக்கிறாங்க?" என்றாள்.

"கசக்குதா?"

"உங்களுக்குத் தெரியலையா?"

அவர் தயங்கிவிட்டு, நாக்கு போன கதையைச் சொன்னார். அவள் துணியை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். இத்தனை நாள் குழம்பு அடிப்பிடித்தபோதுகூட ஏன் சண்டை போடவில்லை என்று இப்போதுதான் புரிகிறது என்றாள். அவருக்குப் புரிந்தது வேறு: வீட்டுத் தண்ணீரிலும் கசக்கிறது. ஆக, அலுவலகத் தொட்டியைக் குற்றம் சொல்ல முடியாது. இலை அதே டப்பா. அப்படியென்றால் முன்பு ஏன் கசக்கவில்லை? யோசிக்க யோசிக்க நூல் சிக்கலாகிக்கொண்டே போனது. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார்.

அடுத்த புதன்கிழமை லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே அவரும் ஜாடியும் மட்டும். பழுது பார்க்கிறவர் கதவுக்கு வெளியிலிருந்து, பயப்படாதீங்க அண்ணே, காத்து வரும், என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஜாடியிலிருந்து எழுந்த ஆவி மெல்ல மெல்ல இளைத்ததைப் பார்த்தபடியே அவர் கால் மணி நேரம் நின்றார். வெளியே வந்தபோது திரும்பக் கீழே போய்ச் சுடவைக்கத் தெம்பில்லை. பச்சைக்குப் பழைய அளவு இலை, பழைய இரண்டு நிமிடம், கறுப்புக்கு அதே நான்கு நிமிடம், நடப்பது நடக்கட்டும் என்று ஊற்றிக் கொடுத்தார்.

மேடம் கோப்பையைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டார். தலைமை வரைவாளரோ கோப்பையை ஜன்னல் பக்கம் தூக்கினார். "மறுபடியும் கழுவின தண்ணிதானா?"

படிக்கட்டு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஜாடியைத் தொட்டுப் பார்த்தார். கையை வைக்க முடியாத சூடுதான், ஆனால் கொதித்த சூடு இல்லை; படியேறி வந்த நாட்களிலும் ஜாடி இப்படித்தான் ஆறியிருக்கும். பிறகு பச்சை இலை டப்பாவை எடுத்துத் திருப்பினார். தெரியாத மொழி. அடியில் ஒரு சின்ன வெப்பமானிப் படம், பக்கத்தில் எண்பது. இத்தனை மாதமாக அதை ஏதோ எடை என்று நினைத்திருந்தார். கறுப்பு இலை டப்பாவில் நூறு என்று இருந்தது.

அன்று மாலை கடைத்தெருவில் முள் வைத்த ஒரு சமையல் வெப்பமானி வாங்கினார். பிறகு இரண்டு ஜாடி வைத்துக்கொண்டார். மூடி போட்ட ஜாடியில் கொதிக்கும் தண்ணீர் லிஃப்டில் நேராகப் போகும். வெந்நீர் ஊற்றிச் சூடாக்கின கெண்டியில் கறுப்பு இலை நான்கு நிமிடம் ஊறும். மூடாத ஜாடி மேலே மேஜையில் முள் எண்பதுக்கு இறங்கும்வரை காத்திருக்கும். பிறகு பச்சை இலை, இரண்டு நிமிடம், உடனே வடிகட்டிவிட வேண்டும். இருவரும் ஒரே நாளில் கோப்பையைக் காலி செய்தது அந்த அலுவலகத்தில் அதுதான் முதல் தடவை.

மேடம் காரணம் கேட்டார். அவர் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். செத்துப்போன நாக்கையும் சேர்த்து. வேலை போய்விடும் என்று பயந்திருந்தார். மேடம் வெப்பமானியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ ஏழு மாசமா நான் நல்லா இருக்குன்னு சொன்னது உங்க முழங்கால் வலியையா?"

மேடம் வருத்தப்படுகிறாரா, சிரிக்கிறாரா என்பது அவருக்குத் தெரியவில்லை. முள்ளைப் பார்த்துப் போடுங்க, நாக்கு வரும்போது வரட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வரைபடத்துக்குத் திரும்பினார்.

வேலை போகவில்லை. நாக்கு மட்டும் அரைகுறையாகத்தான் வந்தது. தேநீரைப் பற்றி யாராவது கேட்டால் கொதிப்பு, எண்பது, நான்கு, இரண்டு என்று கடகடவென்று ஒப்பிப்பார். ஒரே மாதிரிச் செடியில் பறித்த இலையாம் இரண்டும். பறித்தபின் பக்குவம் செய்கிற விதம்தான் வேறாம். அதில் ஒன்று கொதிநீரைத் தாங்கும், இன்னொன்று ஏன் தாங்காது என்று கேட்டால் மட்டும் மோவாயைச் சொறிவார்.

"அது எனக்கு இன்னும் பிடிபடலைங்க" என்பார். "குடிச்சுப் பார்த்து நீங்கதான் சொல்லணும்."