மரம் வெட்டத் தெரிந்தவர்கள்

மலாயாவில் பாலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்தேன். பன்னிரண்டு வயதில் கத்தி எடுத்தேன். அதிகம் எழுதிப் பழக்கமில்லை. இதை மட்டும் எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் தோட்டத்தில் மரம் வெட்டுவது என்றால் பால் வெட்டுவது. காலையில் பட்டையைச் சீவிவிட்டு, மரத்தில் கட்டின மங்குக் கிண்ணத்தில் பாலைச் சொட்ட விட்டு, அடுத்த மரத்துக்குப் போவது. "இன்னிக்கு எத்தனை மரம் வெட்டின?" என்று கேட்டால் "முன்னூத்தம்பது" என்போம். ஒரு மரமும் கீழே விழுந்திருக்காது. மலாய்க்காரர்களும் அப்படித்தான், பொத்தோங் கெத்தா என்பார்கள். கெத்தா ரப்பர், பொத்தோங் என்றாலும் வெட்டுவதுதான். மரத்தை விழ வைப்பதற்கு எங்களிடம் வேறு வார்த்தை. சாய்ப்பது. கிழட்டு மரங்களைச் சாய்க்க வெளியிலிருந்து சீனக் கங்காணி ஆட்கள் வருவார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்த வேலை தெரியாது.

என் வீட்டுக்காரர் நல்ல வெட்டுக்காரர். கத்தி கட்டையில் படாது. பட்டையில் ஒரு நூல் அளவுதான் எடுப்பார். அவர் வெட்டின மரத்தில் காயம் இருக்காது என்று எங்களை மேய்க்கும் மண்டோரே சொல்வார். அவருக்கு அதில் பெருமை. வாயால் சொல்ல மாட்டார். மற்றவர்கள் வெட்டின மரத்தைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். பால் வாங்க ஆள் இல்லை. மரம் சும்மா நின்றது. நாங்கள் மரவள்ளி போட்டோம். அரிசி கிடையாது. அவர் சில நாள் கத்தியைத் தீட்டிவிட்டு மறுபடி சொருகி வைப்பார்.

இரண்டாம் வருஷம் பால் காய்ச்சும் கொட்டாயில் நிப்பொங்கோ வகுப்பு வைத்தார்கள். ஜப்பான் பாஷை. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியார் அலோர் ஸ்டாரில் மூன்று மாசம் கற்றுக்கொண்டு வந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். வகுப்புக்கு வந்தால் உப்பு கொடுப்பார்கள். உப்புக்காகத்தான் நான் போனேன். ஆனால் எனக்கு அது ஏறிவிட்டது. ஏன் என்று தெரியாது.

கிராணியார் ஒரு வார்த்தை சொல்வார், பிறகு அதோடு எது சேரும் என்று சொல்வார். அதுதான் கஷ்டம். வார்த்தை தெரிந்தால் போதாது. மருந்தை அவர்கள் குடிப்பார்கள், மாத்திரையாக இருந்தாலும். நாம் மாத்திரை போடுவோம். மலாய்க்காரர் மருந்தைத் தின்பார், மாக்கான் உபாட். நமக்குச் சளி பிடிக்கும். ஜப்பான்காரன் சளியை இழுப்பான். மழை நமக்குக் கொட்டும். அவனுக்குப் பெரிய மழை, அவ்வளவுதான். மலாயில் மழை லெபாட். காய் நிறையப் பிடித்த மரத்துக்கும் அதே லெபாட்தான்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அவரிடம் சொல்வேன். அவர் வகுப்புக்கு வரமாட்டார்.

"ஏ புள்ள, தண்ணி போடுறதுக்கு என்ன சொல்லுவான்?"

"மிசு ஓ ஓக்கு."

"அப்படிச் சொன்னா கள்ளு ஊத்துவானா?"

"தண்ணியக் கொண்டாந்து கீழ வைப்பான்."

"அட தரித்திரமே" என்று சிரித்தார். அந்த வருஷம் எல்லாருக்கும் கன்னம் ஒட்டியிருந்தது. சிரித்தால் பல்தான் தெரியும். எனக்கு இப்போதும் அந்த முகம்தான் வரும். அதற்கு முந்தின முகம் வரமாட்டேன் என்கிறது.

ஒரு நாள் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு எல்லாரையும் வரச் சொன்னார்கள். லோரி ஒன்று நின்றது. அதிகாரி ஒருவன், மூன்று சிப்பாய்கள். கிராணியாருக்குக் காய்ச்சல் அடித்துப் படுத்த படுக்கை. மண்டோர் என்னைக் கைகாட்டினார். "இந்தப் பொண்ணுக்குத் தெரியும்." நான் முன்னால் போய் நின்றேன்.

அதிகாரி மெதுவாகத்தான் பேசினான். மூன்று மாச வேலை. வடக்கே. அரிசி உண்டு. அதை எல்லாம் சொன்னேன். அரிசி என்றதும் ஒரு சத்தம் எழுந்தது. பிறகு அவன் கேட்டான். கி ஓ கிரு ஆள் யார், கை தூக்கட்டும்.

கி என்றால் மரம். கிரு என்றால் வெட்டு. இரண்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தைகள். யோசிக்கவே இல்லை.

"மரம் வெட்டத் தெரிஞ்சவங்க கை தூக்குங்க."

முதல் கை என் வீட்டுக்காரருடையது.

"பிறந்ததிலேருந்து அதானே வெட்டுறோம்" என்றார் யாரோ. சிரிப்பு. "வடக்கேன்னா ஜித்ரா பக்கம் தோட்டம் திறந்துட்டானுங்க போல." இன்னும் கைகள் எழுந்தன. பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன், கல்யாணமாகி நாலு மாசம், அவனும் தூக்கினான். அவனைப் பார்த்து என் வீட்டுக்காரர், "டேய், நீ கட்டையில கத்தி பாய்ச்சுறவன். கைய இறக்கு" என்றார். அவன் இறக்கவில்லை. மொத்தம் பன்னிரண்டு பேர்.

அவர் என்னைப் பார்த்தார். மறுபடி மரம் வெட்டப் போகிறோம் என்கிற முகம். நானும் சந்தோஷப்பட்டேன். அதை மறைக்க மாட்டேன்.

சாமான் எடுத்து வர நேரம் கொடுத்தார்கள். நான் துணி மடித்தேன். அவர் கத்தியைச் சாக்கில் சுற்றினார், தீட்டும் கல்லையும் வைத்தார். "மூணு மாசம்தானே. அரிசி கொடுத்தா பாதிய சேத்து வெச்சுக் கொண்டாரேன்" என்றார். கஞ்சி ஊற்றினேன். நின்றபடி குடித்தார்.

லோரிக்குப் போனோம். சிப்பாய் ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்துப் பார்த்தான். கத்தியை எடுத்தான். இரானாய் என்று தரையில் எறிந்தான். வேண்டாம் என்று அர்த்தம். அடுத்தவன் கத்தி, அதற்கடுத்தவன் கத்தி. பன்னிரண்டும் புல்லில் கிடந்தன. லோரிக்குள் எட்டிப் பார்த்தேன். கோடாலிகள். ஆள் நீள ரம்பங்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வகுப்பில் ஒரு நாள் பால் வெட்டுவதற்கு என்ன என்று நானே கேட்டிருந்தேன். கிராணியார் சொல்லியிருந்தார். கோமு ஓ தோரு. ரப்பரை எடுப்பது. அவர்கள் எடுப்பார்கள், வெட்டமாட்டார்கள். மரத்தோடு வெட்டைச் சேர்த்தால் மரம் விழும்.

அதிகாரியிடம் ஓடினேன். ச்சிகாவு, ச்சிகாவு என்றேன். தப்பு என்று சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான். இவர்கள் கோமு எடுக்கிற ஆட்கள், மரம் வெட்டுகிற ஆட்கள் இல்லை. நான் சொன்னது அவனுக்குப் புரிந்தது. புரியாமல் இல்லை. கை தூக்கினார்களே என்றான். என் வாய் தப்பு, என் வாய் தப்பு என்று வாயைத் தொட்டுக் காட்டினேன்.

"கிமத்தா" என்றான்.

அந்த வார்த்தையைப் பிறகு கிராணியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாம் முடிவு எடுப்போம், முடிவு பண்ணுவோம். யாரோ ஒருவர் எடுக்க வேண்டும். எடுத்தவரிடம் போய்க் கெஞ்சலாம். அவன் சொன்ன வார்த்தையில் எடுத்தவன் யாரும் இல்லை. தானே முடிந்துபோய்விட்டது என்று அர்த்தம். யாரிடம் கெஞ்சுவது?

மேலே ஏறியவர்களுக்கு நான் கத்திச் சொன்னேன். "பால் வெட்ட இல்லீங்க. காட்ட சாய்க்கக் கூட்டிட்டுப் போறான். நான் தப்பாச் சொல்லிட்டேன்." பக்கத்து வீட்டுத் தம்பி இறங்கப் பார்த்தான். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் தள்ளினான்.

என் வீட்டுக்காரர் லோரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"விடு புள்ள. அவன் கேட்டதத்தானே சொன்ன."

"கேட்டது அது இல்லீங்க."

"தெரியாம கைய தூக்குனது நான். கத்திய எடுத்து வெய்யி, பனி படாம."

லோரி போனது. சுங்கை பட்டாணியில் ரயில் ஏற்றினார்கள் என்று பிறகு தெரிந்தது. வடக்கு என்றது ஜித்ரா இல்லை. சயாம், காட்டை அழித்து ரயில் பாதை போடும் இடம்.

கிராணியார் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அவரிடம் போனேன். "ஐயா, நீங்க இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" "நானும் வெட்டுறதுன்னுதாம்மா சொல்லியிருப்பேன்" என்றார். எனக்காகச் சொன்னாரா, உண்மையா, தெரியாது. அதற்குப் பிறகு மற்ற ஆட்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது யாரும் கேள்வி கேட்கவில்லை. உன் வீட்டுக்காரர் எப்படியும் போயிருப்பார் என்று அக்காமார்கள் எனக்குச் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் முதல் லோரியில் போயிருக்கமாட்டார். நான் கேட்டதற்குக் கை தூக்கிப் போயிருக்கமாட்டார்.

மூன்று மாசம் ஆனது. பிறகு நான் மாசம் எண்ணவில்லை. மரவள்ளி பிடுங்குவேன், மறுபடி நடுவேன். லோரிச் சத்தம் கேட்டால் ரோட்டுக்குப் போவேன். மரவள்ளி மண்ணோடு கையைத் துடைக்காமல் போவேன். வந்த லோரி போய்விடும். நின்றுவிட்டு வருவேன்.

ஜப்பான்காரன் போனபிறகு பக்கத்து வீட்டுத் தம்பி திரும்பினான். பன்னிரண்டு பேரில் அவன் ஒருவன் மட்டும். காலில் புண். அவன் பெண்சாதி அவனை அடையாளம் தெரியாமல் யார் வேணும் என்று கேட்டாள். நான் இரண்டு நாள் பொறுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணன் மொத நாளு கோடாலிய வாங்கிட்டு, மங்கு எங்கடா கட்டுறதுன்னு கேட்டாருக்கா. எல்லாரும் சிரிச்சோம். அந்த எடத்துல சிரிச்சது அது ஒண்ணுதான் லா."

"கத்துக்கிட்டாரா?"

"கத்துக்கிட்டாரு. எந்தப் பக்கம் விழணுமோ அந்தப் பக்கம் மொதல்ல வாய் வெட்டணும். அத எங்களுக்கே அவருதான் சொல்லிக் கொடுத்தாரு. அவரு சாய்ச்ச மரம் ஆள் மேல விழுந்ததில்ல."

அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்கமாட்டேன்.

"அப்புறம்?"

"அப்புறம் மேல் கேம்புக்குப் பிரிச்சுட்டானுங்க. மழை. ஆத்துக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்."

"பார்த்தவங்க யாராவது?"

அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "யாரும் சொல்லலக்கா."

தோட்டத்தில் மறுபடி வேலை தொடங்கியது. வெள்ளைக்காரத் துரை வந்தார். நானும் கத்தி எடுத்தேன். ஒரு நாள் டவுனிலிருந்து ஒரு மலாய்க் கிளார்க் வந்து சயாமுக்குப் போனவர்களின் பேர் எழுதினார். மேசைக்கு முன்னால் வரிசையாக நின்றோம். இளம் வயசு, மரியாதையாகப் பேசினார். உங்கள் கணவர் மாத்தியா, ஹிலாங்கா என்று கேட்டார். இறந்தாரா, காணாமல் போனாரா. இரண்டுக்குத்தான் இடம் இருந்தது. எனக்கு முன்னால் நின்ற அக்காமார்கள் ஒன்றைச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்று அழுதார்கள்.

பெலும் பாலேக் என்றேன். இன்னும் திரும்பவில்லை.

அவர் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்படி எழுத இடமில்லை மாக்சிக் என்றார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மாக்சிக், பெரியம்மா என்று கூப்பிடும்படி ஆகியிருந்தேன்.

இடம் இல்லாட்டி ஓரத்தில் எழுதுங்கள் என்றேன். இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்துச் சொன்னேன். அவர் ஓரத்தில் எழுதினார். எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்று பார்த்தேன். பிறகு என் வரிசை மரங்களுக்குப் போனேன்.