பதினைந்தாவது காட்சி

வலைப்பதிவு எழுதுகிறவர்கள் மத்தியில் என் வீட்டுக்காரருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: இடைவேளை. ஒன்பது வருடமாக வாரம் ஒரு படம் பார்த்து எழுதுகிறார். முதல் காட்சியில் ஆரம்பித்து, யார் யாரைப் பார்த்தார்கள், யார் யாரை அடித்தார்கள் என்று வரிசை மாறாமல் சொல்லிக்கொண்டே வருவார். கதை இடைவேளைக்கு வந்ததும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். ‘மிச்சத்தை நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பதுதான் எப்போதும் கடைசி வரி. படம் தேறுமா தேறாதா என்று மூச்சு விடமாட்டார். ‘பாதி டிக்கெட் காசு மிச்சம் சார்’ என்று யாராவது கீழே நக்கல் அடித்தால், அதற்கும் நன்றி சொல்லிப் பதில் போடுவார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து அறிக்கை எழுதுகிற வேலை. லாரி எந்தப் பக்கம் வந்தது, சைக்கிள் எங்கே நின்றது, மணி என்ன. அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். யார் மேல் தப்பு என்று எழுதினால் மேலதிகாரி சிவப்பு மையில் அடித்துவிடுவார். இருபத்திரண்டு வருடம் அப்படி அடி வாங்கிய மனுஷன், சினிமாவைப் பார்த்தாலும் லாரி எந்தப் பக்கம் வந்தது என்றுதான் எழுதுவார். வீட்டிலும் அப்படித்தான். புடவை நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், “நீலம்” என்பார்.

போன வருடம் ஓர் இணைய சினிமா இதழின் ஆசிரியை அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதை இவர் எனக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினார். ‘நீங்கள் படத்தைத் திருப்பிச் சொல்கிறீர்கள். படம் பார்த்தவருக்கு அது தேவையில்லை, பார்க்காதவருக்கு அது துரோகம். உங்களுக்கு என்ன படுகிறது என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள். இன்னொருவர் மறுத்துப் பேச முடிகிற வாக்கியமாக இருக்கட்டும். அதற்குச் சாட்சி சொல்லும் காட்சிகளை மட்டும் எடுங்கள், மற்றதை விடுங்கள். உங்கள் கட்சிக்கு எதிராகப் படத்திலேயே ஏதாவது இருந்தால், அதையும் நீங்களே எடுத்துச் சொல்லிப் பதில் சொல்லுங்கள். மறைத்தால் அது விமர்சனம் இல்லை.’ கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துக் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டிவைத்தார். பிறகு வழக்கம்போல இடைவேளை வரைக்கும் எழுதினார்.

என் தம்பி பதினொரு வருடம் உதவி இயக்குநராக நாயாய் அலைந்து, ஒரு வழியாகச் சொந்தப் படம் எடுத்தான். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பத்தொன்பது. படிப்பை விட்டுவிட்டு அவனை வளர்த்தேன். படம் அதைப் பற்றித்தான். “உனக்காக எடுத்திருக்கேன்க்கா,” என்று சொல்லி இரண்டு டிக்கெட்டைக் கையில் வைத்தான். சின்னப் படம், பெரிய நடிகர் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கூட்டம் வந்தால் இரண்டாவது வாரம் ஓட்டுவார்கள், இல்லையென்றால் வியாழனோடு தூக்கிவிடுவார்கள். தயாரிப்பாளர் அடுத்த படம் கொடுப்பதும் அந்த இரண்டாவது வாரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்குப் போனோம். பாதிப் படத்தில் தம்பி போன் செய்தான். வெளியே வந்து எடுத்தேன்.

“எப்படிக்கா போகுது? ஜனங்க சிரிக்கிறாங்களா?”

“போகுதுடா. உள்ள போக விடு.”

“நீ அழுதியா?”

விட்டால்தானே. மூன்று நிமிடம் பிடித்துவைத்திருந்தான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது திரையில் தம்பிப் பாத்திரம் எங்கோ நடந்து வந்துகொண்டிருந்தது.

நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு கொட்டித் தீர்த்தேன். “அது நானே இல்லீங்க. அவ எங்க நின்னாலும் கதவோரம் அவன் நிக்கிறான். அவ அழுதா கேமரா அவன் மூஞ்சிக்குப் போயிடுது. இது அக்கா படம் இல்ல. அக்காவப் பாத்துக் கண்ணு கலங்குற தம்பியோட படம். நான் தனியா இருந்தப்ப என்ன செஞ்சேன், என்ன நெனச்சேன், அவனுக்கென்ன தெரியும்?”

அவர் வண்டியை ஓரம் கட்டினார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

“இன்னொரு தடவை சொல்லு.”

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. தெருவோரத்தில் நின்றுகொண்டு மறுபடி சொன்னேன். அவர் வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலைக் காட்சிக்கு அவர் மட்டும் போனார், கைக்கடிகாரத்தோடும் நோட்டோடும். சாயங்காலம் எழுதியதை வாசித்துக் காட்டினார். நான் அசந்துபோனேன். முதல் வரியே, ‘இது அக்காவின் படம் அல்ல; அக்காவைப் பார்த்துக் கண்கலங்கும் தம்பியின் படம்.’ அதற்குப் பிறகு கதை என்று ஒரு வரி கிடையாது. விபத்து அறிக்கை எழுதிய கை, எதையும் விடவில்லை. சமையலறையில் அவள் அழுகிறாள், ஆறு நொடி. பார்க்கிற தம்பியின் முகம், பதினெட்டு நொடி. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் முதுகு மட்டும், எதிரே அவன் கண். மொட்டை மாடியில், மாடிப்படியில், பள்ளிக்கூட வாசலில். ‘அவளை வைத்து எடுத்த பதினான்கு காட்சிகள். பதினான்கிலும் அவன் நிற்கிறான். இந்தப் பெண்ணை ஒரு நொடிகூடத் தனியாக விட இந்தப் படத்துக்கு மனம் வரவில்லை. இவளுடைய தியாகம்கூட அவன் அழுவதற்காகத்தான்.’

“போடட்டுமா?” என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் சொன்னது ஒன்று அச்சுப்போல நிற்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது என்கிற சந்தோஷம். தம்பி ஞாபகம் வராமல் இல்லை. வந்தது, ஒதுக்கித் தள்ளினேன்.

“போடுங்க,” என்றேன்.

ஞாயிறு காலையில் போட்டார். மதியத்துக்குள் அந்த ஆசிரியை, ‘இடைவேளை தாண்டி எழுதிவிட்டார், எல்லோரும் படியுங்கள்’ என்று எடுத்துப் போட்டார். அதுவரைக்கும் படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்தவர்கள்கூட அந்தப் பதினான்கைப் பிடித்துக்கொண்டார்கள். படம் பார்க்காதவர்கள்கூட எண்ணிச் சொன்னார்கள். இவர் ஒருத்தர் எழுதித்தான் படம் படுத்தது என்று நான் சொல்லவில்லை. கூட்டம் முதலிலேயே சுமார்தான். ஆனால் திங்கட்கிழமை தயாரிப்பாளர் என் தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த விமர்சனத்தை வரி வரியாக வாசித்துக் காட்டியிருக்கிறார். வியாழனோடு படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் தம்பி வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை.

“மாமா, ஒம்போது வருஷமா ஒரு படத்தையும் திட்டாத ஆளு நீங்க. என் படத்துல வந்துதான் வாய் தொறக்கணுமா?”

இவர் என்னைப் பார்த்தார்.

“எழுதினது அவர். சொன்னது நான்,” என்றேன்.

தம்பி என் பக்கம் திரும்பினான். “அப்ப அந்த பஸ் ஸ்டாப் சீன்?” என்றான்.

“எந்த பஸ் ஸ்டாப்?”

“நீ பரிட்சைக்குக் கிளம்பிப் போயிட்டு எழுதாம திரும்பி வந்தியேக்கா. எங்க போனேன்னு இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட சொன்னதில்ல. நீ என்ன செஞ்சிருப்பேன்னு ரெண்டு வருஷம் யோசிச்சேன். அந்த ஒரு சீன்ல மட்டும் நான் வரக்கூடாதுன்னு நாந்தான் பிடிவாதம் பிடிச்சேன். தயாரிப்பாளர் வெட்டச் சொன்னாரு, சண்டை போட்டு வெச்சேன். அதையும் சேத்துதான் எண்ணினியா?”

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ போன் பேச வெளிய போயிருந்த,” என்றார் மெதுவாக. “ஒண்ணு இருந்துச்சு. நாப்பது நொடி. அதை எழுதினா பதினாலு நிக்காது.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா நீ போட விட்டிருக்க மாட்ட.”

அவரை அடித்துவிடலாம் போலிருந்தது. பதினான்கும் உண்மைதான். அந்த ஒன்றையும் எழுதி, ‘இங்கே தெரிந்திருக்கிறது, மற்ற இடங்களில் ஏன் தெரியவில்லை?’ என்று கேட்டிருந்தால் விமர்சனம் இன்னும் நன்றாகத்தான் நின்றிருக்கும். ஒருவேளை அந்த நாற்பது நொடிக்காக நாலு பேர் போய்ப் பார்த்திருப்பார்கள். நான் போயிருப்பேன். முதன்முதலாக வாயைத் திறந்த மனுஷனுக்குத் தோற்றுவிடுவோமோ என்று பயம். எனக்கோ, ஜெயிக்கிற ஆசை.

“போன் பண்ணினது நான்தான்,” என்றான் தம்பி. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான். இன்றைக்கு எட்டு மாதம் ஆகிறது. இப்போது வேறு யாருடைய படத்திலோ மறுபடி உதவி இயக்குநர் என்று கேள்வி. நான் போன் செய்தால் எடுப்பதில்லை. படத்தை எந்த இணையதளமும் வாங்கவில்லை. பெட்டிக்குள் போய்விட்டது.

நான் போட்ட சண்டையில் இவர் மூன்று வாரம் கழித்து விமர்சனத்தின் அடியில் இரண்டு வரி சேர்த்தார்: இன்னொரு காட்சியும் உண்டு, அதில் அவள் தனியாக இருக்கிறாள், அதை விட்டது என் தவறு. ‘மச்சான் படமாமே, வீட்டில் செம மாத்து போல’ என்று எழுதிச் சிரித்தார்கள். ஆசிரியை ஒன்றும் எழுதவில்லை. இதழில் அவர் வைத்திருந்த ‘படிக்க வேண்டியவை’ பட்டியலிலிருந்து அந்த விமர்சனம் மட்டும் காணாமல் போயிற்று. இவர் திரும்பவும் இடைவேளை வரைக்கும் எழுத ஆரம்பித்தார். படம் பார்த்துவிட்டு வந்ததும், “உனக்கு என்ன தோணிச்சு?” என்று கேட்பார். “ஒண்ணும் தோணல,” என்பேன். தோன்றினாலும் அதைத்தான் சொல்வேன்.

போன வாரம் அவருடைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தில் பதினைந்து காட்சிகளும் வரிசையாக இருந்தன. ஒன்பதாவதன் மேல் ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு. அலுவலகத்தில் சிவப்பு மையில் அடிப்பார்களே, அதேபோல.

நோட்டை அவர் மடியில் போட்டேன். “இதச் சொல்லுங்க.”

“என்ன சொல்ல?”

“உங்களுக்கு என்ன தோணிச்சுன்னு நான் கேக்கல. கதையச் சொல்லுங்க. ஒம்போது வருஷமா அதத்தானே செய்யுறீங்க.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். “பஸ் நிறுத்தம். காலை. அவள் மட்டும். கையில் ஹால் டிக்கெட். ஒரு பஸ் வருகிறது, அவள் ஏறவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்காருகிறாள். சிரிக்கிறாள்.”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். அதை நான் யாரிடமும் சொன்னதே இல்லை.

“அப்புறம்?”

அவர் பக்கத்தைத் திருப்பினார்.

“அவ்வளவுதான். அடுத்த காட்சியில் தம்பி வந்துவிடுகிறான்.”