உப்பைப் பற்றி ஒரு பக்கம்

பயிற்சி மையத்தில் அவளை எல்லோரும் ‘அரைப்பக்கம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு பெரிய ஆராய்ச்சிக் கட்டுரையையும் கிராமச் சுகாதாரத் தொண்டர்களுக்குப் புரிகிற மாதிரி சுருக்கி எழுதுவதே அவள் வேலை. எழுதியதும் நேரே மையத்து டாக்டரிடம் நீட்ட மாட்டாள். தொண்டர் ஒருவருக்கு வாசித்துக் காட்டுவாள். பிறகு தாளைக் கவிழ்த்துவிட்டு, “இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க” என்பாள்.

அன்று கையிலிருந்தது இரத்த அழுத்தக் கட்டுரை. சோடியத்தில் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் பொட்டாசியம் சேர்த்த உப்பைச் சாப்பிட்டவர்களுக்கு அழுத்தம் குறைந்திருக்கிறது. எதிரே உட்கார்ந்த தொண்டர் மடமடவென்று ஒப்பித்தாள்.

“மாத்திரைய நிறுத்தக் கூடாது. உப்ப மட்டும் மாத்தணும். போன வாரம் டாக்டர் சொன்னதுமே ஒரு பாக்கெட் வாங்கிட்டேன்க்கா. எல்லாம் மாமியாருக்குத்தான். பாவம், கிட்னி வேற கெட்டுக் கிடக்கு.”

அரைப்பக்கத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிறுநீரகம் பழுதானால் பொட்டாசியம் உடம்பை விட்டு வெளியேறாது. இரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பையே தடுமாற வைக்கலாம். அப்படிப்பட்டவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அதை அவள் எழுதித்தான் இருந்தாள், கடைசி வரியில்.

“எழுதியிருக்கே, அப்புறம் என்னம்மா?” என்றார், பக்கத்து மேசையிலிருந்து தாளை எட்டிப் பார்த்த டாக்டர்.

“எழுதினேன் சார். போய்ச் சேரலையே.”

“அத முதல்ல போட்டா பயந்துடுவாங்க. யாரு வாங்குவா?”

“யாருக்கு ஆகுமோ அவங்க வாங்குவாங்க சார்.”

டாக்டர் சிரித்துவிட்டார். “உங்கிட்ட வாய் குடுத்து மீள முடியுமா? சரி, தாள்ல இடம்?”

இடம் இல்லைதான். மூன்று நாள் மண்டையை உடைத்து, பம்புக் குழாயையும் தண்ணீரின் வேகத்தையும் வைத்து இரத்த அழுத்தத்தை விளக்கி ஒரு பத்தி எழுதியிருந்தாள். அவளுக்கே அதன் மேல் தனிப் பாசம். ஒரே கோடாக அடித்துவிட்டாள். பெற்ற பிள்ளையை வெளியே போகச் சொல்வதுபோல் இருந்திருக்கும். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. காலியான இடத்தில், தலைப்புக்கு அடுத்த வரியாகவே எழுதினாள்: ‘சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த உப்பு வேண்டாம். எந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.’

திரும்ப வாசித்தாள். முதல் வரியிலேயே தொண்டரின் கை போனுக்குப் போனது.

“அத்தே! அலமாரியில புது உப்பு வச்சேனே, அதப் பிரிச்சீங்களா?”

மறுமுனையிலிருந்து வந்த குரல் அறை முழுக்கக் கேட்டது. “நான் ஏண்டி பிரிக்கிறேன்? உப்பு ஆகாதுன்னு பழைய டப்பாவையே நீ ஒளிச்சு வச்சிருக்க!”

“நல்லதாப் போச்சு. தொடாதீங்க. நாளைக்கு உங்க கிட்னி டாக்டர்ட்ட கேட்டுட்டு வர்றேன்.”

அரைப்பக்கம் தாளைக் கவிழ்த்தாள்.

“இப்ப சொல்லுங்க,” என்றாள். “முதல்லேர்ந்து.”