முந்திரிக்கொட்டை விலை என்னும் முதல் வரி

பட்டிமன்றத்தில் எதிரணியை வாயடைக்கச் செய்யும் சொற்கள் என்னிடம் எப்போதும் உண்டு. சிதம்பரத்தில், வங்கி மேலாளரின் மேசைக்கு முன்னால், அவற்றில் ஒன்றுகூட உதவவில்லை.

அக்காவின் கணவர் துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். கடன் கிடைத்தால் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் சிறு ஆலை வைத்து ஊரோடு தங்கிவிடுவார். கிடைக்காவிட்டால் திரும்பிப் போவார். கடலூர் செம்மண்டலத்து வீட்டில் அக்கா அவருடைய பெட்டியைப் பரண்மேல் ஏற்றியே விட்டாள்.

திட்டத்தை எடுத்துரைக்கும் பொறுப்பு எனக்கு. வங்கி கேட்டபடி ஓர் அட்டவணை தயாரித்தேன். ஆண்டு லாபம் பத்து லட்சம் என்பது கணக்கு. மற்றவற்றை அசைக்காமல், ஒவ்வொரு செலவையும் தனியே பத்து சதவீதம் ஏற்றியும் இறக்கியும் பார்த்து, லாபம் எவ்வளவு ஆடுகிறது என்று பட்டை வரைய வேண்டும். அகன்ற பட்டை உச்சியில், குறுகியது அடியில்; முழுவதும் வரைந்தால் சூறாவளிச் சுழல்போல் நிற்கும். அடியில் மின்சாரம், வெறும் கோடு. அதன்மேல் வட்டி, அதன்மேல் கூலி. உச்சியில் கொட்டை விலை: பத்து சதவீதம் இறங்கினால் லாபம் இருபத்திரண்டு லட்சம், ஏறினால் இரண்டு லட்சம் நட்டம்.

உடைத்த பருப்பின் விற்பனை விலைக்கு அட்டவணையில் பட்டையே இல்லை. ஆண்டு முழுவதும் ஒரே விலை என்று மாமா ஒரு வியாபாரியிடம் பேசி முடித்திருந்தார். அதைத்தான் எங்கள் பலம் என்று நம்பினோம்.

"இந்தக் கொட்ட வெல வரியக் கீழ தள்ளிடலாம் மாமா. நான் பேசியே சமாளிச்சிடுறேன்."

"மேலயே இருக்கட்டும் மச்சான். அவுங்க கண்ணுல மண்ணத் தூவிட்டு நான் எங்க போறது?"

மேலாளரின் விரல் அந்த வரியிலேயே நின்றது.

"கொட்ட வெல ஏறுனா பருப்பு வெலய ஏத்துவீங்களா?"

"முடியாது சார். ஒரே வெலன்னு பேசிட்டேன்" என்றார் மாமா.

"சீசன்லயே வருஷத்துக்கும் வாங்கிப் போட்டுடுவீங்களா?"

"அதுக்கு முதல் பத்தாது சார்."

"போன வருஷம் எவ்ளோ ஏறுச்சு?"

மாமா கைகளைப் பார்த்துக்கொண்டார். "பத்துக்கு ஜாஸ்திதான் சார்."

"அப்ப கடன எதுலேருந்து கட்டுவீங்க?"

நான் எழுந்தேன். கடலூர் மாவட்டத்து உழைப்பைப் பற்றி, ஊரைப் பிரிந்து வாழும் ஆண்களைப் பற்றி, ஓர் அரங்கமே எழுந்து நிற்கும்படி பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்து, "இந்தத் திட்டத்துக்குத் தர முடியாது தம்பி" என்று தாளை என் பக்கம் நகர்த்தினார்.

கடலூர்ப் பேருந்தில் மாமாதான் முதலில் பேசினார். "சும்மா சொல்லக்கூடாது மச்சான். நீ பேசுனதுல எனக்கே கடன் குடுக்கலாம்னு தோணுச்சு."

சிரிக்க முயன்றேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் நுழைந்ததும் அக்கா எங்கள் முகங்களைப் பார்த்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் பரணைத் துழாவினாள்.

"நீ எறங்கும்மா, நான் எடுக்குறேன்" என்றார் மாமா.

பெட்டியைப் பிடித்தபடி, எங்கள் பக்கம் திரும்பாமல், அவள் வெகுநேரம் முக்காலிமேலேயே நின்றாள்.