தொப்பை ஏமாற்றிய கதை

சிலம்பரசன் ஒல்லிக்குச்சி. அவன் அப்பா ஆதிமூலத்துக்கோ உப்பளத்துக் குவியல் மாதிரி வயிறு. வந்த வினை அத்தனையும் அதனால்தான்.

கிர்கிஸ்தானில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை இரண்டு மாத லீவுக்கு மரக்காணம் வந்திருந்தான். வந்த வாரமே உப்பளத்துக்காரர்களுக்கு மருத்துவ முகாம். ஊசியைக் கண்டால் ஓடுகிற அப்பாவுக்குத் தைரியம் வரட்டும் என்று, வெறும் வயிற்றோடு அவனும் கையை நீட்டினான். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. அப்பாவுக்குக் கெட்ட கொழுப்பு தொண்ணூற்றெட்டு. இருபத்தோரு வயது மகனுக்கு நூற்று எழுபத்தாறு!

"லேப்ல மாத்திட்டாங்க," என்று அம்மா தெய்வநாயகி தீர்ப்புச் சொன்னாள். "புள்ள காத்தடிச்சா பறந்துடுவான். இவரு தொப்பய பாருங்க."

தெருவே தலையாட்டியது. சிலம்பரசன் மட்டும் தான் தின்றதை எண்ணிப் பார்த்தான். ஹாஸ்டல் மெஸ்ஸில் டால்டா மிதக்கிற குருமாவும் பரோட்டாவும், கேன்டீனில் ஆட்டுக் கொழுப்பு வைத்துச் சுட்ட சம்சா, பனிக்காலத்தில் வெளியே கால் வைக்காமல் ஹாஸ்டல் வாசலுக்கே வரவழைத்த பொரித்த கோழி. மூன்று வருடமாக இதுதான் சாப்பாடு. ஒல்லியான உடம்பிலும் ரத்தத்தில் கொழுப்பு ஏறும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் அவன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அம்மா வஞ்சிரம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அப்பாவுக்குக் கேழ்வரகுக் கூழ். எண்ணெய் கிடையாது. ஆர்வக் கோளாறில் அம்மா உப்பையும் நிறுத்திவிட்டாள். ஊருக்கே உப்பு வாரிக் கொடுக்கிற மனுஷன் உப்பில்லாத கூழை மடக் மடக்கென்று குடித்தார். மகனுக்கோ ஆட்டுக்கால், நெய்ச்சோறு, வறுவல். ஒவ்வொரு கவளத்துக்கும் நெஞ்சு குத்தியது. கவளம் என்னவோ இறங்கிக்கொண்டேதான் இருந்தது. வெட்கங்கெட்ட நாக்கு.

லீவு முடியப் போகிற நேரம், புருஷனுக்கு எவ்வளவு குறைந்தது என்று பார்க்க அம்மா இருவரையும் லேபுக்கு இழுத்துப் போனாள். பழி சுமந்திருந்த லேப் மலர்கொடி, இந்தத் தடவை அம்மாவின் கண்ணெதிரிலேயே குழாயில் பேர் எழுதினாள்.

அப்பாவுக்கு எண்பத்து நாலு. மகனுக்கு நூற்றுத் தொண்ணூறு.

"அப்பவும் மாறலீங்க, இப்பவும் மாறல," என்றாள் மலர்கொடி.

அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சிலம்பரசன் தலை குனிந்தான். "எனக்கு அப்பவே தெரியும்ப்பா. மெஸ் சாப்பாடு, கடைத் தீனி. சொல்லாம விட்டுட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தான். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயார். இடுப்பில் நிற்காத வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அப்பா கேட்டார்:

"ஏம்பா, நான் கூழு குடிச்சா உனக்குக் கொறையாதா? கொறையும்னா சொல்லு, இன்னும் ரெண்டு மாசம் குடிக்கிறேன்."

வீட்டுக்கு வந்ததும் சிலம்பரசன் அப்பாவின் கூழ்ச் சட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முதல் வாய் உப்பில்லாமல்தான் இருந்தது. இரண்டாவது வாய் கரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குடித்து முடித்தான்.